எந்தப் படியிலிருந்து விழுந்தான்?

சின்ன வகுப்புகளுக்குப் புதிதாக ஆசிரியராகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடம் நடத்தும் விதம் எல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இன்டர்வெல்லில் ஒரு பிள்ளை விழுந்து அடிபட்டால், அன்று மாலைக்குள் பெற்றோருக்கு ஒரு தாளும் பிரின்சிபாலுக்கு ஒரு தாளும் எழுத வேண்டியிருக்கும் என்பதையும், அவற்றை எப்படி எழுதுவது என்பதையும் அநேகமாக யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதனால் பலரும் தங்கள்மேல் தப்பில்லை என்று காட்டும் விளக்கக் கடிதமாகவே அதை எழுதிவிடுகிறார்கள். அந்தத் தாளை அக்கறையாகப் படிக்கப் போகிற முதல் ஆள் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருக்கும் டாக்டர். அவருக்கு வேண்டியதை எழுதினால் பெற்றோருக்கும் பிரின்சிபாலுக்கும் வேண்டியதில் முக்கால்வாசி அதிலேயே வந்துவிடும்.

தலையில் படும் அடியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கை ஒடிந்தால் எக்ஸ்ரே காட்டிவிடும். தலையில் பட்ட அடி எவ்வளவு பெரியது என்பது முதல் சில மணி நேரத்தில் பிள்ளை எப்படி இருந்தான் என்பதில்தான் தெரியும். அந்த நேரம் முழுக்க அவன் பக்கத்தில் இருப்பவர் நீங்கள்.

1. பிள்ளையைப் பார்த்த கையோடு கடிகாரத்தைப் பாருங்கள்.

தாள் தேட வேண்டாம். உள்ளங்கையில் பேனாவால் 10.42 என்று எழுதிக்கொண்டால் போதும். அடுத்து, தூக்கி நிறுத்துவதற்கு முன் கழுத்து வலிக்கிறதா என்று கேளுங்கள். வலிக்கிறது என்றாலோ, கண் திறக்காமல் கிடந்தாலோ, கை கால் இழுத்துக்கொண்டாலோ அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். அசையாமல் படுக்க வைக்கும் அந்த நிலையில் வாந்தி வந்தால் மட்டும் தலையும் உடம்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி இரண்டு பேர் சேர்ந்து பக்கவாட்டில் திருப்ப வேண்டும். இவை எதுவும் இல்லாமல் அழுதுகொண்டு எழுந்து உட்கார்ந்தால், நிழலில் உட்கார வைத்து, துணியில் சுற்றிய ஐஸை வீங்கிய இடத்தில் வைக்கலாம். ஆயாம்மா அன்போடு கொண்டுவரும் டீயும் பிஸ்கட்டும் இப்போதைக்கு வேண்டாம். மாத்திரை நீங்களாகக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் வலி கூடுகிறதா குறைகிறதா என்று டாக்டருக்குத் தெரியாமல் போய்விடும்.

இதற்கிடையே ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நேரம் குறித்துக்கொண்டே போக வேண்டும். ‘சிறிது நேரம் கழித்து வாந்தி எடுத்தான்’ என்பது அறிக்கையில் இருந்தும் இல்லாதது போலத்தான்.

2. உயரத்தை அடிக்கணக்கில் எழுதுங்கள்.

‘சறுக்கு மரத்திலிருந்து விழுந்தான்’ என்று நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எழுதுவார்கள். சறுக்கு மரத்தின் உச்சி ஆறடி இருக்கும். ஏணியின் மூன்றாவது படி மூன்றடிகூட இருக்காது. டாக்டருக்கு இந்த வித்தியாசம் பெரிது. தலையில் அடிபட்ட பிள்ளைக்கு ஸ்கேன் எடுக்கலாமா, வைத்துக் கவனித்தால் போதுமா என்று முடிவு செய்ய உலகெங்கும் பல டாக்டர்கள் பார்க்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஐந்தடிக்கு மேலிருந்து விழுவதே ஒரு தனி எச்சரிக்கைக் குறி. தேவையில்லாமல் சி.டி. ஸ்கேன் எடுத்தால் வளரும் தலையில் கதிர்வீச்சு படுகிறது. தேவைப்படும்போது எடுக்காவிட்டால் உள்ளே ரத்தம் கசிவது தெரியாமல் போகும். அந்தத் தராசில் நீங்கள் எழுதும் ஓர் எண்ணும் ஏறுகிறது.

நான் தலைமை ஆசிரியையாக இருந்த பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இப்படி விழுந்தான். சுற்றி நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும், “மேலேருந்து விழுந்துட்டான் மிஸ்” என்றார்கள். வகுப்பு ஆசிரியை அதை அப்படியே எழுதாமல், ஏணியில் அவனுக்குப் பின்னால் நின்ற பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, “அவன் கால் எங்கடா கண்ணு இருந்துச்சு, தொட்டுக் காட்டு” என்றார். அவள் தொட்டது மூன்றாவது படி. பி.டி. சாரிடம் டேப் வாங்கி அளந்தால் இரண்டே முக்கால் அடி. பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தலைக்கு மேலே இருப்பதெல்லாம் ‘மேலே’தான்.

விழுந்த தரையையும் சொல்லுங்கள்: மணலா, இறுகின மண்ணா, சிமெண்டா. எந்த இடம் தரையில் மோதியது, இடையில் கம்பியில் பட்டதா என்பதும் வேண்டும். ‘தலையில் அடி’ என்று எழுதாமல் ‘பின்மண்டை, வலது பக்கம், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வீக்கம், ரத்தம் இல்லை’ என்று எழுதுங்கள். காதிலோ மூக்கிலோ ரத்தமோ தண்ணீர் போன்ற நீரோ வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் ‘வரவில்லை’ என்பதையும் எழுதுங்கள். பார்த்தேன், இல்லை என்பதும் டாக்டருக்குச் செய்திதான்.

3. கண்ணால் கண்டது ஒரு பக்கம், காதால் கேட்டது ஒரு பக்கம்.

அந்த ஆசிரியை விழுந்ததைப் பார்க்கவில்லை. குடிநீர்க் குழாய்ப் பக்கம் நின்றிருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பினார். அறிக்கையிலும் அப்படியே எழுதினார்: ‘விழுந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. சத்தம் கேட்டுத் திரும்பியபோது மாணவன் ஏணியின் அடியில் மல்லாந்து கிடந்தான், உடனே அழுதான்.’ புதியவர்கள் இப்படி எழுதத் தயங்குவார்கள், கவனிக்காமல் இருந்ததாக ஆகிவிடுமே என்று. ஐம்பது பிள்ளைகள் ஓடும் இடத்தில் ஒவ்வொரு காலையும் யாராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது எல்லோருக்கும் தெரியும். பார்க்காததைப் பார்த்ததாக எழுதி, பிறகு பள்ளிக் கேமராவில் நீங்கள் குழாய்ப் பக்கம் திரும்பி நிற்பது தெரிந்தால், அந்தத் தாளில் உள்ள உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

எப்படி விழுந்தான் என்பதற்கு இரண்டு பதில் வந்தது. ஒரு பையன், “பின்னாடி இருந்தவ தள்ளினா” என்றான். அந்தப் பெண்ணோ, “அவனே கால் வழுக்கிட்டான்” என்றாள். ஆசிரியை இரண்டையும் எழுதினார், யார் சொன்னது என்ற குறிப்போடு. எது சரி என்று தீர்ப்பு எழுதவில்லை. அடிபட்ட பிள்ளை சொன்னதை அவன் வார்த்தையிலேயே எழுதுவதும் முக்கியம். “தலை சுத்துதா?” என்று கேட்டால் ஏழு வயதுப் பிள்ளை ஆமாம் என்றுதான் தலையாட்டும். “எப்படி இருக்கு?” என்று மட்டும் கேளுங்கள். இந்தப் பையன், “தலைக்குள்ள யாரோ தட்டுறாங்க” என்றான். அந்த வரியை நாம் ‘தலைவலி இருப்பதாகக் கூறினான்’ என்று திருத்தி அழகுபடுத்த வேண்டியதில்லை.

மயக்கம் என்ற சொல்லை மட்டும் தனியாக எழுதிவிடாதீர்கள். தலைசுற்றலையும் நாம் அப்படித்தான் சொல்கிறோம், நினைவு தப்புவதையும் அப்படித்தான் சொல்கிறோம். டாக்டருக்கு வேண்டியது நினைவு தப்பியதா, எத்தனை நொடி என்பது. ‘விழுந்தவுடன் அழுதான். கூப்பிட்டதும் கண்ணைப் பார்த்துப் பதில் சொன்னான்’ என்று எழுதினால் சந்தேகமே வராது.

4. முதலில் தொலைபேசி, பிறகுதான் தாள்.

தலையில் அடி என்றால் எவ்வளவு சின்ன வீக்கமாக இருந்தாலும் பெற்றோருக்கு அப்போதே சொல்லிவிட வேண்டும். மாலை வேனில் ஏற்றிவிட்டு, டைரியில் ஒரு வரி எழுதி அனுப்புகிற வழக்கத்தைத் தயவுசெய்து கற்றுக்கொள்ளாதீர்கள். பேசும்போது முதல் வாக்கியத்தில் பிள்ளை இப்போது எப்படி இருக்கிறான் என்பது வர வேண்டும். “அம்மா, நான் கிளாஸ் மிஸ் பேசறேன். தம்பி என் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கான், பேசறான். பத்து நாப்பத்திரண்டுக்கு ஏணியிலிருந்து விழுந்து பின்மண்டையில அடிபட்டிருக்கு. டாக்டர்கிட்ட காட்டப் போறோம்.” இவ்வளவுதான். “சின்ன அடிதான், பயப்படாதீங்க” என்று சொல்லாதீர்கள். சின்னதா பெரியதா என்று உங்களுக்கும் தெரியாது. எந்த ஆஸ்பத்திரி என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், யார் கூட வருகிறார்கள் என்பதையும். அப்பா வண்டியில் போய்க்கொண்டிருந்தால் ஓரம் கட்டச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

எத்தனை மணிக்கு அழைத்தீர்கள், யார் எடுத்தார்கள், எடுக்கவில்லை என்றால் மறுபடி எப்போது அழைத்தீர்கள் என்பது அறிக்கையில் வர வேண்டும். பதிவேட்டில் இருக்கும் எண் போன வருடத்துப் பழைய எண்ணாக இருப்பது பள்ளிகளில் தீராத வியாதி. வகுப்பு தொடங்கிய முதல் வாரமே எல்லா எண்களுக்கும் ஒரு முறை அழைத்துப் பார்த்துவிடுங்கள்.

வாட்சப் குழுவில் ஒரு வார்த்தை போடக் கூடாது. போட்டோவும் கூடாது.

5. பெற்றோருக்கான தாள் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

அந்தப் பையனுக்கு ஆசிரியை எழுதியது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

‘இன்று காலை 10.42 மணிக்கு இடைவேளையில் தங்கள் மகன் சறுக்கு மர ஏணியின் மூன்றாவது படியிலிருந்து (2¾ அடி) இறுகிய மண் தரையில் மல்லாந்து விழுந்தான். உடனே அழுதான், நினைவு தப்பவில்லை. பின்மண்டை வலது பக்கம் வீக்கம். ரத்தம் இல்லை. காது, மூக்கிலிருந்து எதுவும் வரவில்லை. 10.46: துணியில் சுற்றிய ஐஸ் வைத்தோம். 10.50: தன் பெயர், என் பெயர், காலையில் சாப்பிட்டது எல்லாம் சரியாகச் சொன்னான். 10.52: தங்களுக்குத் தொலைபேசியில் தெரிவித்தோம். 11.05: ஒரு முறை வாந்தி எடுத்தான். 11.10: நானும் உதவியாளரும் பள்ளி வேனில் அழைத்துப் புறப்பட்டோம். 11.25: ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். பள்ளியில் மாத்திரை, உணவு எதுவும் கொடுக்கவில்லை.’

11.25 வரியைத் தவிர மற்றதையெல்லாம் வேனில் போகும்போதே நோட்டுத் தாளில் எழுதி முடித்துவிட்டார். டாக்டர் கேட்ட கேள்விகளெல்லாம் இந்தத் தாளில் இருந்தவைதான்: எவ்வளவு உயரம், நினைவு தப்பியதா, எத்தனை வாந்தி, எப்போது, வழக்கம் போலப் பேசுகிறானா. மூன்றடிக்குள் உயரம், நினைவு தப்பவில்லை, வாந்தி ஒன்றுதான், பேச்சு தெளிவு என்பதையும், தான் சோதித்துப் பார்த்ததையும் வைத்து அவர் ஸ்கேனுக்கு அனுப்பாமல், மாலைவரை கண்முன்னே வைத்துக் கவனித்து வீட்டுக்கு அனுப்பினார். மறுபடி வாந்தி வந்திருந்தால் முடிவு வேறாகியிருக்கும்; அப்போதும் 11.05 என்ற குறிப்புதான் இடைவெளியைச் சொல்லியிருக்கும்.

தாளின் அடியில் இரவு கவனிக்க வேண்டியவற்றை எழுதுங்கள். இதை டாக்டரும் சொல்லுவார், ஆனால் பதற்றத்தில் இருக்கும் அம்மாவுக்குக் காதில் ஏறியிருக்காது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழ முடியாத தூக்கம், குழறும் பேச்சு, சம்பந்தமில்லாத பேச்சு, தள்ளாடும் நடை, வலிப்பு, காது மூக்கிலிருந்து நீர் அல்லது ரத்தம். இவற்றில் எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தூங்கவே விடக் கூடாது என்று பாட்டிமார் சொல்வார்கள். டாக்டர் பார்த்து அனுப்பிய பிள்ளை தூங்கலாம். இடையில் எழுப்பிப் பார்க்க வேண்டுமா, எத்தனை மணிக்கு ஒரு முறை என்று அவரிடமே கேட்டு அந்த வரியையும் சேர்த்துவிடுங்கள்.

6. இன்னொரு பிள்ளையின் பெயர் பெற்றோர் தாளில் வரக் கூடாது.

‘தள்ளினாள்’ என்று ஒரு பையன் சொன்னதையும் அந்தப் பெண்ணின் பெயரையும் பெற்றோருக்கான தாளில் எழுதினால், மறுநாள் காலை பள்ளி கேட்டில் இரண்டு குடும்பங்கள் நிற்கும். அந்தத் தாளில் ‘அவனுடன் இருந்த மாணவர்கள் விழுந்த விதத்தை வெவ்வேறாகச் சொல்கிறார்கள், பிரின்சிபால் விசாரிக்கிறார்’ என்று இருந்தால் போதும். பெயர்கள் பிரின்சிபாலுக்குப் போகும் தாளில் மட்டும். ஏழு வயதுப் பெண் வேண்டுமென்றே தள்ளினாளா, வரிசையில் நெருக்கியதா என்பதை இன்டர்வெல் முடிவதற்குள் நீங்கள் கண்டுபிடித்துவிடவும் முடியாது. அந்தக் குழந்தையும் அன்று பயந்து போயிருப்பாள். ஒரு கண் அவள்மேலும் இருக்கட்டும்.

7. பிரின்சிபாலுக்கான தாளில் நடந்ததோடு இடத்தையும் எழுதுங்கள்.

நடந்தது, நேரம், சிகிச்சை எல்லாம் பெற்றோர் தாளில் இருப்பதுதான். ஓர் எண்கூட மாறக் கூடாது. கூடுதலாக வேண்டியவை: மைதானத்தில் அப்போது எத்தனை பிள்ளைகள், மேற்பார்வையில் யார் யார், எங்கே நின்றார்கள், யார் என்ன சொன்னார்கள், சாமான் எந்த நிலையில் இருந்தது.

கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். அன்றே போய்ப் பாருங்கள். ஏணிப் படி ஈரமாக இருந்ததா, கைப்பிடி ஆடுகிறதா, கீழே மணல் எவ்வளவு என்று பாருங்கள். அந்தப் பள்ளியில் சறுக்கு மரத்தடியில் மணல் கொட்டியிருந்தது உண்மைதான். ஆனால் ஆசிரியை வகுப்பிலிருந்த அடிக்குச்சியை ஏணியடியில் குத்திப் பார்த்தபோது அரை அங்குலம்கூட இறங்கவில்லை. பிள்ளைகள் வரிசையில் நின்று மிதிக்கும் இடத்தில் மணல் ஓரத்துக்கு ஒதுங்கி, அடியில் மண் கல்லாக இறுகிவிடுகிறது. விளையாட்டுச் சாமான்களுக்கான அமெரிக்க அரசின் பாதுகாப்புக் கையேடு, நான்கடி உயரச் சாமானுக்கே ஒன்பது அங்குலம் தளர்ந்த மணல் வேண்டும் என்கிறது. நம் பள்ளிகளில் பலவற்றில் மணல் வாங்கியதற்குப் பில் இருக்கும், மணல் இருக்காது.

‘ஏணியடியில் மணல் அரை அங்குலத்துக்கும் குறைவு. இன்று மாலை 3.30-க்கு அளந்தேன். படம் இணைத்துள்ளேன்’ என்று எழுதுங்கள். ‘நிர்வாகத்தின் அலட்சியம்’ என்று எழுதாதீர்கள். முதல் வரிக்கு மறுநாள் மணல் லாரி வரும். இரண்டாவது வரிக்கு உங்களுக்கு மெமோ வரும்.

8. திருத்தச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்பீர்கள்.

சில இடங்களில், “மணல் விஷயம் எதுக்கும்மா, அந்த வரியை எடுத்துட்டு வேற எழுதிக் கொடுங்க” என்பார்கள். எழுத்துப் பிழை, தெருப்பெயர் போன்றவற்றைத் தாராளமாகத் திருத்திக் கொடுக்கலாம். பழையதை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்துத் திருத்துங்கள், ஒயிட்னர் பூச வேண்டாம். நீங்கள் பார்த்ததையும் அளந்ததையும் மட்டும் எடுக்காதீர்கள். மரியாதையாக, “சார், நான் பார்த்ததை எழுதியிருக்கேன். நீங்க உங்க குறிப்பைக் கீழே சேர்த்துக்கங்க” என்று சொல்லிவிடலாம். பிறகு தெரியவந்த தகவல் இருந்தால் அன்றைய தேதியில் தனித் தாளில் எழுதி முதல் தாளோடு சேருங்கள். கொடுத்த தாளுக்கு அலுவலகத்தில் தேதி போட்டுப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். இதை நீங்கள் செய்வது சண்டைக்கு என்று நினைக்க வேண்டாம். பெற்றோர் ஆறு மாதம் கழித்து இன்சூரன்ஸுக்கோ வேறு டாக்டருக்கோ கேட்கும்போது, பழைய தாள் பள்ளி பீரோவில் கிடைக்காமல் போவது சாதாரணம்.

ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் எழுதும்போது எப்படி நடந்தது என்று கேட்பார்கள். அங்கே கூடப் போனவர் வாயில் வருவதும் உங்கள் தாளில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் ஆயாம்மாவை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் வகுப்புக்குத் திரும்பிவிடாதீர்கள். உங்களால் போகவே முடியாவிட்டால் அந்த நோட்டுத் தாளை அவர் கையில் கொடுத்தனுப்புங்கள்.

9. மறுநாள் காலை ஒரு போன்.

பையன் மறுநாள் வரவில்லை. ஆசிரியை எட்டரை மணிக்கே அழைத்தார். இரவில் வாந்தி இல்லை, காலையில் இட்லி சாப்பிட்டான், தலை லேசாக வலிக்கிறது என்றார் அம்மா. அதையும் தேதி, நேரத்தோடு அறிக்கையின் கீழே எழுதினார். இப்படி அடிபட்ட பிள்ளைகள் சில நாட்களுக்குச் சிடுசிடுப்பாக இருப்பார்கள், போர்டைப் பார்த்து எழுதினால் தலை வலிக்கிறது என்பார்கள், சத்தம் பிடிக்காது. வந்த அன்றே வீட்டுப்பாடம் ஏன் முடிக்கவில்லை என்று நிற்க வைக்காதீர்கள். டாக்டர் அனுமதிக்கும்வரை ஓடவும் ஏறவும் வேண்டாம் என்று பி.டி. சாருக்கு எழுத்திலேயே கொடுங்கள். மறுபடி அதே தலையில் அடிபடுவதுதான் ஆபத்து. வகுப்பில் கவனித்ததைத் தினமும் ஒரு வரி குறித்து, வாரக் கடைசியில் அம்மாவிடம் கொடுங்கள். மறுபடி டாக்டரிடம் போகும்போது அவர் அதைக் கொண்டு போகட்டும்.

உங்கள் பள்ளியின் ஏணிப் படிகள் எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று நாளைக்கே அளந்து, வகுப்புப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள். அடிபட்ட அன்று டேப் தேட நேரம் இருக்காது.